ரேட் அலர்ட்டா, லிமிட் ஆர்டரா? பதிவு நாள் குறித்த பிறகு பவுண்டை மாற்றும் கணக்கு

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீடு, விலை 60 லட்சம். கரார் எழுதியபோதே 10 லட்சம் முன்பணம் கொடுத்தாயிற்று. மீதி 50 லட்சத்தோடு கேரளத்து முத்திரைத் தீர்வை 8 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 6 லட்சம். ஆக, ஆறு வாரம் கழித்து ஆதாரம் பதியும் நாளில் கையில் 56 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும். வாங்குகிறவர் பிரிட்டனில் வேலை பார்க்கிறார். அங்கே அவர் கணக்கில் 49,500 பவுண்டு இருக்கிறது. இன்று அனுப்பினால் ஒரு பவுண்டுக்கு 115 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். (வாங்குவது வீடு என்பதால்தான் இந்தக் கணக்கே. இதுவே தென்னந்தோப்பாக இருந்தால், வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே விவசாய நிலமோ தோட்டமோ பண்ணைவீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது.)

இன்றைய ரேட்டில் 56 லட்சத்துக்கு 48,696 பவுண்டு போதும். 804 பவுண்டு மிச்சம். "இன்னும் ரெண்டு ரூபா ஏறட்டும், பார்த்து அனுப்பலாம்" என்ற யோசனை வருவது இங்கேதான். அதற்குக் கைவசம் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று ரேட் அலர்ட்: குறித்த ரேட்டைத் தொட்டால் செய்தி வரும், மாற்றுவது உங்கள் வேலை. மற்றொன்று லிமிட் ஆர்டர்: குறித்த ரேட் கிடைத்தால் நிறுவனமே உங்கள் பேரில் மாற்றிவிடும், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும்.

இரண்டையும் ஒப்பிடுமுன் ஒரு எண்ணைக் கண்டுபிடித்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 56 லட்சத்தை 49,500-ஆல் வகுத்தால் 113.13 வரும். கையில் கிடைக்கும் ரேட் இதற்குக் கீழே போனால் பணம் பற்றாது, பதிவு நிற்கும். இன்றைய ரேட்டுக்கும் இதற்கும் இடையே 1.6 சதவீதம்தான் இடைவெளி. மேலே எவ்வளவு ஏறும் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். கீழே எவ்வளவு தாங்கும் என்பதுதான் இந்தத் தீர்மானத்தின் அச்சாணி.

கூகுள் ரேட்டும் கைக்கு வரும் ரேட்டும்

கூகுளில் தெரிவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள சந்தை விலை. அந்த விலையில் யாரும் உங்களுக்குத் தருவதில்லை. அனுப்பும் நிறுவனம் அதிலிருந்து தன் பங்கைக் கழித்துக்கொண்டுதான் ரேட் சொல்லும். நம் கணக்கில் நிறுவனம் அரை சதவீதம் பிடிக்கிறது என்றால், கூகுள் ரேட் 115.58 இருக்கும்போதுதான் கைக்கு 115 வருகிறது.

அலர்ட் போடுகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். பெரும்பாலான செயலிகளில் அலர்ட் கூகுள் ரேட்டை வைத்தே அடிக்கும். 117 என்று அலர்ட் போட்டால், அது அடிக்கும்போது கைக்கு வரும் ரேட் 116.41. உண்மையிலேயே 117 வேண்டும் என்றால் அலர்ட்டை 117.59-இல் வைக்க வேண்டும். லிமிட் ஆர்டரிலும் இதே குழப்பம் உண்டு. சில நிறுவனங்களில் நீங்கள் சொல்லும் 117 கைக்கு வரும் ரேட். வேறு சிலவற்றில் அது சந்தை ரேட், அவர்கள் பங்கு அதிலிருந்து பிறகு கழியும். ஆர்டர் கொடுக்குமுன், "இந்த ரேட்டில் நிறைவேறினால் என் என்.ஆர்.இ. கணக்கில் சரியாக எத்தனை ரூபாய் விழும்?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பங்கு எவ்வளவு என்பது, ரேட் எப்போது ஏறும் என்பதைவிடப் பெரிய விஷயம். அதே நாளில், அதே நிமிடத்தில், இரண்டரை சதவீதம் பிடிக்கும் ஒரு வங்கி வழியாக அனுப்பினால் கைக்கு வரும் ரேட் 112.69. அப்போது 56 லட்சத்துக்கு 49,694 பவுண்டு வேண்டும், அதாவது இருக்கிற பணமே போதாது. அரை சதவீத நிறுவனத்துக்கும் இந்த வங்கிக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 1,000 பவுண்டு. காத்திருந்து இதே தொகையை மிச்சப்படுத்த, ரேட் 115-இலிருந்து 117.40-க்கு ஏற வேண்டும். அது ஏறலாம், ஏறாமலும் போகலாம். நிறுவனத்தை மாற்றினால் கிடைக்கும் 1,000 பவுண்டு இன்றைக்கே உறுதி. ஆகவே அலர்ட் போட உட்காருமுன் ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடங்களில் "56 லட்சம் ரூபாய் போய்ச் சேர மொத்தம் எத்தனை பவுண்டு?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை என்ற விளம்பரத்தையெல்லாம் அந்த ஒரே எண்ணில் அளந்துவிடலாம்.

பவுண்டாகவே என்.ஆர்.இ. கணக்குக்கு அனுப்பி, இங்குள்ள வங்கி ரூபாயாக்குவது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் பிரிட்டனில் போட்ட அலர்ட்டுக்கோ ஆர்டருக்கோ வேலையே இல்லை. பணம் வந்து சேரும் நாளில் இங்குள்ள வங்கியின் அன்றைய ரேட்தான். பெரிய தொகை என்றால் கிளை மேலாளரிடம் முன்கூட்டியே பேசிச் சிறப்பு ரேட் கேட்கலாம். கேட்காதவருக்குப் பலகையில் இருக்கும் ரேட் விழும்.

அலர்ட் எங்கே உதவும்

அலர்ட்டின் நல்ல குணம், அது உங்களைக் கட்டிப்போடாது. அடித்தபின் யோசிக்கலாம், வேண்டாம் என்று விடலாம், காசும் இல்லை. கெட்ட குணமும் அதுவேதான். அலர்ட் அடித்ததிலிருந்து பணம் மாறும் வரை நடக்க வேண்டிய எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. அதற்குள் ரேட் திரும்பிவிடலாம்.

மாற்றுவதற்கான ஏற்பாடு முழுவதும் முடிந்திருந்தால்தான் அலர்ட்டுக்குப் பொருள் உண்டு. 40,000 பவுண்டுக்கு மேல் போகும்போது, பணம் எங்கிருந்து வந்தது என்று அனுப்பும் நிறுவனம் கேட்கும். சம்பளச் சீட்டு, சேமிப்புக் கணக்கு அறிக்கை, கரார் நகல் எல்லாம் கொடுத்து அவர்கள் பார்த்து முடிக்க ஓரிரு நாள் ஆகலாம். அலர்ட் அடித்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் அலர்ட் வீண். அடுத்தது, உங்கள் பிரிட்டன் வங்கி ஒரு நாளில் செயலி வழியாக எவ்வளவு வெளியே விடும் என்பது. நாள் வரம்பு 25,000 பவுண்டு என்றால் 48,000 போய்ச் சேர இரண்டு நாள் வேண்டும். பல சேவைகள் நீங்கள் பார்த்த ரேட்டைக் குறிப்பிட்ட மணி நேரம்தான் பிடித்து வைக்கும். பணம் அதற்குள் வராவிட்டால் அன்றைய ரேட்டுக்கு மாற்றிவிடும். வரம்பை முன்கூட்டியே உயர்த்துவதோ, முதல் நாளே பணத்தை நிறுவனத்தில் கொண்டுபோய் வைப்பதோதான் வழி.

மேலே ஒரு அலர்ட் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் காக்கும் அலர்ட் கீழே இருப்பது. நம் கணக்கில் உயிர்க்கோடு 113.13. அதைக் கூகுள் ரேட்டில் சொன்னால் 113.70. அதற்கு 60 காசு மேலே, 114.30-இல் ஒரு அலர்ட் வைத்து, அது அடித்தால் யோசனையே இல்லாமல் மாற்றிவிடுவது என்று இன்றே முடிவு செய்துவிட வேண்டும். அடித்த பிறகு முடிவெடுக்க உட்கார்ந்தால், "இன்னைக்கு இறங்கியிருக்கு, நாளைக்கு ஏறிடும்" என்று மனம் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடும்.

லிமிட் ஆர்டர் எப்படி ஓடுகிறது

பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் பெரிய தொகையைக் கையாளும் நாணய நிறுவனங்கள் இந்த வசதியைத் தருகின்றன. நீங்கள் சொல்வது நான்கு விஷயம்: எந்த நாணயத்தை விற்கிறீர்கள், எவ்வளவு ரூபாய் வாங்க வேண்டும், என்ன ரேட், எந்த நாள் வரை. அவர்களுக்குச் சந்தையில் கிடைக்கும் மொத்த விலை, உங்கள் ரேட்டையும் அவர்கள் பங்கையும் சேர்த்து எட்டும்போது ஆர்டர் நிறைவேறும். அதுவரை எந்த நேரமும் ரத்து செய்யலாம். அதற்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது.

நிறைவேறிய நொடியிலிருந்து அது ஒப்பந்தம். இதைப் பலர் உணர்வதில்லை. ஆர்டர் ஓடிய பிறகு, வழக்கமாக இரண்டு வேலை நாளுக்குள் பவுண்டை நீங்கள் கட்டியாக வேண்டும். வீட்டுக்காரர் பின்வாங்கிவிட்டார், மனைவி வேண்டாம் என்கிறார், நண்பர் சொன்ன இன்னொரு இடத்தில் இன்னும் நல்ல ரேட் என்றெல்லாம் சொல்ல முடியாது. பணம் வராவிட்டால் நிறுவனம் அதைத் திருப்பி விற்று, நஷ்டத்தை உங்களிடம் கேட்கும். இரண்டு இடங்களில் ஒரே தொகைக்கு ஆர்டர் போட்டு வைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ரேட் ஏறினால் ஒரே நாளில் இரண்டும் ஓடிவிடும்.

தொகையைப் பவுண்டில் சொல்வதா, ரூபாயில் சொல்வதா என்பதும் கவனிக்க வேண்டியது. இங்கே தேவை ரூபாய். "56 லட்சம் ரூபாய் வாங்கு" என்று ஆர்டர் கொடுத்தால் பைசா சுத்தமாகத் தேவையானது வரும், மிச்சப் பவுண்டு அங்கேயே இருக்கும்.

செயலிகளில் வரும் தானியங்கி மாற்று வசதியை லிமிட் ஆர்டர் என்று எண்ணி ஏமாறவும் இடமுண்டு. செயலிக்குள் இருப்பாக வைக்க முடிகிற நாணயங்களுக்கு இடையில் மட்டுமே அது வேலை செய்வது உண்டு. ரூபாயை அப்படி இருப்பு வைக்க முடியாத செயலியில், பவுண்டை யூரோவாக்கலாமே தவிர, ரூபாய்க்கு ஆர்டர் போட முடியாது. அந்த இடத்தில் மிஞ்சுவது அலர்ட்தான்.

"117 தொட்டதே, ஏன் ஓடவில்லை?"

லிமிட் ஆர்டர் போட்டவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. வரைபடத்தில் 117.10 தெரிகிறது, ஆர்டர் அப்படியே கிடக்கிறது. நிறுவனத்தின் பங்கு ஒரு காரணம், அதைப் பார்த்தாயிற்று. மற்றது ரூபாய்ச் சந்தையின் நேரம்.

பவுண்டு–ரூபாய் என்று ஒரு தனிச் சந்தை இருப்பதாக நினைக்க வேண்டாம். பவுண்டுக்கு எத்தனை டாலர், டாலருக்கு எத்தனை ரூபாய் என்ற இரண்டையும் பெருக்கி வருவதுதான் அந்த ரேட். முதல் பாதி வாரத்தில் ஐந்து நாளும் இரவு பகலாக ஓடுகிறது. இரண்டாம் பாதி, அதாவது இந்திய வங்கிகளுக்கிடையிலான டாலர்–ரூபாய்ச் சந்தை, காலை 9 முதல் மாலை 3.30 வரைதான். அதற்குப் பிறகு லண்டனிலும் நியூயார்க்கிலும் ரூபாயைக் கைமாற்றாமல், வித்தியாசத்தை மட்டும் டாலரில் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தங்கள் ஓடுகின்றன. இரவில் திரையில் தெரியும் ரேட் பெரும்பாலும் இவற்றை வைத்துக் கணித்த குறிப்பு விலை. அந்த விலையில் உண்மையான ரூபாய் கிடைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இங்கிலாந்து வங்கி வட்டி முடிவை அறிவிப்பது லண்டன் நேரம் நண்பகல் 12 மணிக்கு. நமக்கு அது கோடையில் மாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. மும்பைச் சந்தை அதற்குள் மூடிவிட்டது. பவுண்டு அந்த அரை மணி நேரத்தில் ஒரு சதவீதம் எகிறி, இரவுக்குள் பாதி இறங்கிவிட்டால், அலர்ட் அடித்திருக்கும், வரைபடத்தில் உச்சம் தெரியும், ஆனால் ஆர்டர் ஓடியிருக்காது. உங்கள் நிறுவனம் ரூபாய் ஆர்டரை எந்த மணி நேரங்களில் கவனிக்கிறது என்று கேளுங்கள். மும்பை நேரத்தில் மட்டும் என்றால், மாலை வேளை உச்சங்கள் உங்களுக்கில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இறங்கும் பக்கம் இதைவிடக் கடுமை. லிமிட் ஆர்டரோடு ஸ்டாப் லாஸும் சேர்த்துப் போடலாம்: ரேட் குறிப்பிட்ட அளவு இறங்கினால் உடனே மாற்றிவிடு, இரண்டில் ஒன்று ஓடினால் மற்றது ரத்து என்ற ஏற்பாடு. ஆனால் லிமிட் ஆர்டர் தரும் உறுதி ஸ்டாப் லாஸுக்குக் கிடையாது. லிமிட் ஓடினால் கேட்ட ரேட் கிடைக்கும். ஸ்டாப் ஓடினால் அந்த நேரத்தில் கிடைக்கிற ரேட் கிடைக்கும். 2022 செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை, பிரிட்டன் அரசு வரிக் குறைப்புகளை அறிவித்ததும் பவுண்டு சரிந்தது. வார இறுதி கழிந்து 26-ஆம் தேதி ஆசியச் சந்தைகள் திறந்தபோது இன்னும் விழுந்து 1.03 டாலர் அளவுக்கு, அதுவரை காணாத அடிமட்டத்துக்குப் போனது. சனியும் ஞாயிறும் சந்தை மூடியிருக்கும். வெள்ளி இரவு விலைக்கும் திங்கள் காலை விலைக்கும் நடுவில் ஸ்டாப் வைத்திருந்தவருக்கு அந்த ரேட் கிடைத்திருக்க வாய்ப்பில்லை, அதற்குக் கீழே கிடைத்ததுதான்.

ரேட் தொடும் வாய்ப்பு எவ்வளவு

பதிவு ஆறாவது வாரம். பணம் ஒரு வாரம் முன்பே வந்து சேர வேண்டும் என்று வைத்தால், காத்திருக்கக் கிடைப்பது ஐந்து வாரம். ஐந்து வாரத்தில் பவுண்டு–ரூபாய் ரேட் மூன்றில் இரண்டு முறை, தொடங்கிய இடத்திலிருந்து 2.2 சதவீதத்துக்குள் நிற்கும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது என்பதும் அனுமானத்தில் சேர்த்தி. அப்படியென்றால் ஒரு சதவீதம் மேலே உள்ள ரேட்டை இடையில் எப்போதாவது தொட நூற்றுக்கு 65 வாய்ப்பு. இரண்டு சதவீதம் மேலே என்றால் 36. நான்கு சதவீதம் மேலே என்றால் வெறும் 7. இலக்கைக் கொஞ்சம் தூரம் தள்ளினாலே வாய்ப்பு எப்படிச் சரிகிறது பாருங்கள். நான்கு ஐந்து ரூபாய் ஏறட்டும் என்று ஆர்டர் போட்டுக் காத்திருப்பவருக்கு ஆர்டர் ஓடாமலே போவதுதான் இயல்பு.

36 என்றதும் மூன்றில் ஒரு முறை இரண்டு சதவீதம் லாபம் என்று தோன்றும். ஆனால் மீதி 64 முறையும் கடைசி நாளில் கிடைக்கிற ரேட்டுக்கு மாற்ற வேண்டும். அந்த 64 முறையின் சராசரி இன்றைய ரேட்டைவிட 1.1 சதவீதம் குறைவாக இருக்கும். ஏறியவற்றையெல்லாம் ஆர்டர் முன்பே பொறுக்கி எடுத்துவிட்டதால், மிஞ்சியவை இறங்கியவையும் தேங்கியவையும்தானே. ஜெயித்தால் ஏறத்தாழ 955 பவுண்டு, தோற்றால் சராசரியாக 540 பவுண்டு. பல முறை ஆடினால் கூட்டிக் கழித்துப் பூஜ்யம். லிமிட் ஆர்டர் பணம் சம்பாதித்துத் தருவதில்லை. நீங்கள் பார்க்காத நேரத்தில் வரும் உச்சத்தை விடாமல் பிடிக்கிறது, அவ்வளவே.

கீழ்ப்பக்கத்துக்கும் இதே கணக்குத்தான். 113.13 இன்றைய ரேட்டிலிருந்து 1.6 சதவீதம் கீழே. ஐந்து வாரத்தில் அதை ஒரு முறையாவது தொட நூற்றுக்கு 46 வாய்ப்பு. கடைசி நாளிலும் அதற்குக் கீழேயே இருக்க 23. அதாவது மொத்தப் பணத்தையும் 117-க்குக் காத்திருக்க வைத்தால், நான்கில் ஒரு முறைக்குச் சற்றுக் குறைவாகப் பதிவன்று பணம் பற்றாமல் போகும். உதாரணத்துக்கு, ரேட் 111-இல் முடிந்தால் 50,450 பவுண்டு வேண்டும். 950 பவுண்டு துண்டு விழும். ஓடியிருந்தால் மிச்சமாகியிருக்கக்கூடியது 833 பவுண்டு. 833-க்காக முன்பணம் 10 லட்சத்தைப் பணயம் வைப்பது நியாயமான ஆட்டம் அல்ல.

பிரித்து அனுப்பினால்

இதற்கு விடை அலர்ட்டும் இல்லை, ஆர்டரும் இல்லை, பிரிப்பதுதான். இன்றே 40 லட்சத்தை 115-க்கு அனுப்பினால் 34,783 பவுண்டு செலவு. கையில் 14,717 பவுண்டு இருக்கும், தேவை இன்னும் 16 லட்சம். புதிய உயிர்க்கோடு 108.72. இன்றைய ரேட்டிலிருந்து ஐந்தரை சதவீதம் கீழே. ஐந்து வாரத்தில் அதைத் தொடும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றரை கூட இல்லை. பதிவு நிற்கும் என்ற பயம் போய்விட்டது.

மீதி 16 லட்சத்தை வைத்துத்தான் ஆட்டம். 117-இல் லிமிட் ஆர்டர், 112-இல் ஸ்டாப் லாஸ், இரண்டுக்கும் முடிவு நாள் இன்றிலிருந்து 35-ஆம் நாள். லிமிட் ஓட நூற்றுக்கு 43 வாய்ப்பு. ஓடினால் 13,913-க்குப் பதில் 13,675 பவுண்டு, மிச்சம் 238. ஸ்டாப் அடித்தால் 14,286 பவுண்டு, இன்றைக்கு மாற்றியிருந்தால் ஆவதைவிட 373 கூடுதல். சந்தை இடைவெளிவிட்டுத் திறந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனாலும் கையில் உள்ள 14,717-க்குள் அடங்கும். 238 பவுண்டுக்கு இத்தனை வேலையா என்று தோன்றினால், அந்தத் தோன்றலும் சரியே. மொத்தத்தையும் இன்றே அனுப்பிவிட்டு, அந்த நேரத்தை நிறுவனங்களின் ரேட்டை ஒப்பிடச் செலவிட்டால் அதைவிட அதிகம் மிச்சமாகும்.

ஆர்டர் போடுமுன் ஒரு நூறு பவுண்டை மட்டும் அதே நிறுவனம் வழியாக அதே என்.ஆர்.இ. கணக்குக்கு அனுப்பிப் பாருங்கள். உள்நாட்டுப் பரிமாற்றம் போல வந்து சேரும் பணத்தைச் சில வங்கிகள் என்.ஆர்.இ. கணக்கில் வரவு வைக்கத் தயங்கி விளக்கம் கேட்கும், சில திருப்பியும் அனுப்பும். ரூபாய்க்கு ஒரு முறைக்கான உச்ச வரம்பு இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். 40 லட்சம் நடுவழியில் நிற்கும்போது இதைக் கண்டுபிடிப்பது மோசம்.

வளைகுடாவிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு

பாலக்காட்டுப் பக்கம் பிரிட்டனைவிட வளைகுடாவில் இருப்பவர்களே அதிகம். அவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. சவுதி ரியாலும் 3.75 என்று டாலரோடு கட்டியதே. ஆகவே பவுண்டு–டாலர் என்ற ஆட்டம் நிறைந்த பாதி அங்கே இல்லை, டாலர்–ரூபாய் மட்டும்தான். ரூபாய் வேகமாகச் சரியும்போது ரிசர்வ் வங்கி டாலர் விற்று வேகத்தைக் குறைக்கும், ஏறும்போது வாங்கும். அதனால் அசைவு சிறியது. ஒரு சதவீத இலக்கு கூட அங்கே தொலைவானதாக இருக்கலாம். எக்ஸ்சேஞ்ச் கடைகளின் செயலிகளில் அலர்ட் கிடைக்கும், தனிநபருக்கு லிமிட் ஆர்டர் கிடைப்பது அரிது.

ரூபாய் நீண்ட காலமாக இறங்கித்தானே வருகிறது, திர்ஹாமாகவே வைத்துக் காத்திருந்தால் என்ன என்பார்கள். இறங்கி வருவது உண்மை. ஆனால் அந்தக் காத்திருப்புக்கு விலை உண்டு. ரூபாயாக்கி என்.ஆர்.இ. வைப்பில் போட்டால் கிடைக்கும் வட்டி, அங்கே வெறும் நடப்புக் கணக்கில் கிடக்கும் திர்ஹாமுக்குக் கிடைக்காது. ஒரு வருடம் காத்திருக்கிறவர் ரேட்டில் பெறுவதையும் வட்டியில் இழப்பதையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

நாள்காட்டி

பதிவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பதிவுக்கு முந்தைய வேலை நாளில் பணம் கிளையில் தயாராக இருக்க வேண்டும். ஆர்டர் ஓடி இரண்டு வேலை நாளில் நீங்கள் பவுண்டைக் கட்டுகிறீர்கள். அங்கிருந்து இங்கே வர ஒன்று அல்லது இரண்டு வேலை நாள். வங்கி ஏதாவது கேட்டால் இன்னொரு நாள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை இங்கே வங்கி இல்லை. ஓணம் ஆகஸ்ட் கடைசியில் வந்தால், பிரிட்டனில் ஆகஸ்டின் கடைசித் திங்கள்கிழமை விடுமுறையும் அதோடு சேர்ந்து ஒரு வாரத்தையே தின்றுவிடும். ஆறு வாரத்தில் ஒரு வாரத்தை இதற்காக ஒதுக்கியது அதனால்தான்.

35-ஆம் நாள் காலை வரை ஆர்டர் ஓடவில்லை என்றால், முதலில் அதை ரத்து செய்து, ரத்தானது என்ற உறுதிச் செய்தி வந்த பிறகே 16 லட்சத்தை அன்றைய ரேட்டுக்கு மாற்றுங்கள். வரிசை மாறினால் பழைய ஆர்டரும் அன்று மதியம் ஓடி, 16 லட்சத்துக்குப் பதில் 32 லட்சம் வாங்கிய கதையாகிவிடும்.